கலப்புச் செடி

பரிபூரணத்தின் கண்ணுக்குக் கலப்புச் செடி தப்பாது. கான்சாபுரத்துப் பருத்தி விதைக் காட்டில் ஓர் இலை மாறியிருந்தாலும் வேரோடு பிடுங்கி வரப்பில் எறிந்துவிடுவாள். ராஜபாளையம் விதைக் கம்பெனியில் புது ரகம் உருவாக்கும் ஞானராஜுக்கு அந்தக் கண்மேல் அப்படியொரு நம்பிக்கை. தர்பூசணிக் காட்டையும் அவளிடமே ஒப்படைத்து, “கலப்பு இல்லாமப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, சீக்காய்க் கிடந்த தாயாரைப் பார்க்க நாசரேத்துக்குப் பஸ் ஏறினார். கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே மனுஷன்!

தொண்ணூற்று நான்காம் வருஷக் கோடை அது. சாதாரணத் தர்பூசணிக்குக் குரோமோசோம் இரண்டு செட். மருந்து வைத்து அதை நான்காக்கி, அந்தத் தாய்க்கொடியை நிலைப்படுத்தவே ஞானராஜுக்குப் பல வருஷம் பிடித்தது. நாலு செட் தாயையும் ரெண்டு செட் தகப்பனையும் சேர்த்தால் மூன்று செட் விதை கிடைக்கும். அதை ஊன்றினால் காய்ப்பது விதையில்லாப் பழம். பரிபூரணத்திடம் விட்டுப்போன காட்டில் ஊன்றியிருந்தது அந்த விதைதான். இந்தக் கோடையில் பழத்தைக் காட்டாவிட்டால் தர்பூசணியே வேண்டாம் என்று முதலாளி தனுஷ்கோடி கறாராகச் சொல்லியிருந்தார்.

ஊரிலிருந்து திரும்பியவர் காட்டைப் பார்த்துத் திகைத்து நின்றார். பூ இருந்தது, வண்டு இருந்தது. பிஞ்செல்லாம் மஞ்சளித்து உதிர்ந்து கிடந்தது. வரிசைக்கு நடுவே நட்டிருந்த சாதாரணக் கொடிகளைக் காணோம்.

“எலை மெல்லிசா, வெளுத்து நின்னுச்சு சார். அம்புட்டையும் பிடுங்கிட்டேன்” என்றாள் பரிபூரணம், பெருமையாக.

மூன்று செட் கொடியின் மகரந்தம் உதவாது. பிஞ்சு திரள அந்த வெளுத்த கொடியின் தூள்தான் வேண்டும் என்று அவர் இப்போது சொன்னார். கேட்டவள் வரப்பில் எறிந்திருந்த கொடிகளைப் புரட்டினாள்; எல்லாம் சருகாகியிருந்தது.

தனுஷ்கோடி சப்பாத்தி தின்றுகொண்டே விசாரித்தார். “கோதுமைக்கு ஆறு செட்டுன்னு நீருதானவே சொன்னீரு? அது காய்க்கலையா?”

“அது மூணு வகைப் புல்லு சேந்து உண்டானது முதலாளி. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு செட். அதது அததோட ஜோடி சேந்திரும், மணி பிடிக்கும். இதுல மூணாவதுக்கு ஜோடி இல்ல. அதனாலதான் விதையும் இல்ல.”

முதலாளி கை கழுவினார். மறுநாளே நாலு செட் தாய்க்கொடி நின்ற பாத்தியில் டிராக்டர் இறங்கியது. கிட்டங்கியில் சேர்த்து வைத்திருந்த தர்பூசணி விதையும் குப்பைக்குப் போனது. ஞானராஜ் பருத்திக்கே திரும்பினார். அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. திட்ட வேண்டியது யாரை என்று அவருக்குத் தெரியும்.

சில வாரம் கழித்து பரிபூரணம் ஒரு பழத்தோடு வந்தாள். வாய்க்கால் ஓரம் ஆமணக்குக்குள் ஒரு வெளுத்த கொடி அவள் கண்ணுக்குத் தப்பியிருந்தது. அதை ஒட்டின கொடியில் மட்டும் பிடித்த காய் இது.

அவர் அறுத்தார். செக்கச்செவேலென்று இருந்தது. கறுப்பு விதை ஒன்றில்லை. வெள்ளரிப் பிஞ்சில் இருப்பதுபோல் உள்ளே பருப்பில்லாத வெள்ளை விதைத்தோல் சில. இருவரும் தின்றார்கள். இத்தனை தித்திப்பாக இருந்திருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

“இதுல ஒரு வெதை கெடைச்சாக்கூட மறுபடியும் போட்டிரலாமே சார்” என்றாள் அவள், தின்று போட்ட தோலைத் துழாவியபடி.

இல்லையென்று தெரிந்தும், அவரும் கத்தியை வைத்துவிட்டுச் செத்த நேரம் தேடினார்.