சிவப்புக் கண்ணாடி மாட்டி எடுத்த வானம்

வெள்ளைக்காரத் துரை ஆறு மாத லீவில் கப்பலேறிய நாளிலிருந்து அந்த வானிலை ஆபீசில் வலன்ரைன்தான் துரை. கொட்டாஞ்சேனைக்காரர், முப்பது வருடம் பைல் கட்டியவர். குடை எடுப்பதா வேண்டாமா என்பதற்கு மேல் வானத்தை அண்ணாந்து பார்த்ததில்லை. ஆனாலென்ன, நாற்காலியோடு மேகத்துக்குப் பெயர் வைக்கும் அதிகாரமும் வந்துவிட்டதே!

அவருக்குக் கீழே வானம் பார்த்துக் குறித்து வைக்கும் தற்காலிக உத்தியோகம் பலீலுக்கு. வேலை நிரந்தரமானால்தான் மகள் ஷபீகாவைத் தருவேன் என்று கிராண்ட்பாஸ் பக்கத்து மீரா சாஹிப் கறாராய்ச் சொல்லியிருந்தார். நிரந்தரக் கடிதத்தில் வலன்ரைன் கையெழுத்திட வேண்டிய நாள் அது. மனிதரைக் குளிர்விக்கலாமே என்று, காலை வானத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தை, மேகம் எடுப்பாய்த் தெரிய, லென்ஸில் சிவப்புக் கண்ணாடி மாட்டி எடுத்தான் பலீல். படம் அழகாய்த்தான் வந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி!

படத்தைப் பார்த்ததும் வலன்ரைனுக்கு வியர்த்துவிட்டது.

“ஐயோ, கன்னங்கரேலெண்டு கிடக்கு! இடிமேகம் ஐசே! பின்னேரம் தேசாதிபதியின்ர தோட்டத்தில தேத்தண்ணி விருந்தெல்லே?”

“கறுப்பா ஈக்கிறது மேகமில்ல சேர், நீல வானம். செவப்புக் கண்ணாடி நீலத்தக் கறுப்பாக்கும். மேகமெண்டா இந்த வெள்ளத் துண்டுகள்தான். அடி தட்ட, ஒசரமுமில்ல. இடிமேகம் கோபுரம் மாதிரி எழும்பி, உச்சி கொல்லன்ட பட்டடை மாதிரி விரிஞ்சிருக்கும். இது நல்ல வெயில் நாள்ல வாற மேகம். ஜன்னலால பாருங்களே.”

“ஜன்னலை பைலில ஒட்டேலுமே? படம்தான் ரெக்கோர்ட்.”

வலன்ரைன் இரண்டு தாளை முன்னே தள்ளினார். ஒன்று புயல் மழை எச்சரிக்கை, மற்றது நிரந்தரக் கடிதம்.

“நீர் இதில போடும். நாளைக்குக் காலமை நான் அதில போடுறன்.”

பலீல் ஜன்னலைப் பார்த்தான். வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஷபீகாவை நினைத்தான், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தைப் போட்டான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

பின்னேரம் எச்சரிக்கையை நம்பி, தேசாதிபதியின் விருந்தினர் இருநூறு பேரும் தோட்டத்தை விட்டு ஜன்னல் சாத்திய மண்டபத்துக்குள் வெந்தார்கள். கேக்கின் ஐசிங் உருகித் தட்டில் ஓடியது. நீதவானின் மனைவி இரண்டு தரம் மயங்கினாள். வெளியே ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் காலையிலேயே தேசாதிபதி மாளிகையிலிருந்து காகிதம் வந்தது: அந்தப் புயலைக் கண்டவர் யார்?

வலன்ரைன் பலீலின் கையெழுத்தைத் தொட்டுக் காட்டி ஒரு பதிலெழுதினார். பிறகு பலீலைக் கூப்பிட்டு வேலைநீக்க ஓடரை நீட்டினார். காரணம் அழகான கையெழுத்தில் இருந்தது: ‘அடி தட்டையான, உயரமில்லாத, உச்சி விரியாத நல்ல வெயில் மேகத்தை இடிமேகத்திலிருந்து பிரித்தறியத் தெரியாதவர்.’

“சேர், இதத்தானே நேத்து நான் உங்களுக்குச் சொன்ன!” பலீல் ஓடரை மேசையில் வைத்தான்.

வலன்ரைன் உண்மையாகவே மனம் நொந்து தலையாட்டினார்.

“ஓம், சொன்னனீர். எனக்குத்தான் மேகம் தெரியாது. தெரிஞ்ச நீர் ஏன் ஐசே கையெழுத்துப் போட்டனீர்?”