எழுதாத அகப்பை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குருநகரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொய் சொல்கிறேன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. ஜெசிதா சொன்னாள். நேராகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

"றெஜினா அக்கா, எழுதாமல் ஏதோ உள்ளுக்கை போகுது."

ஜெசிதா, நான் போகும் ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி தருகிறவள். பதினொரு மாதத்தில் என்னை எண்பத்தாறு கிலோவிலிருந்து அறுபத்துநாலுக்குக் கொண்டுவந்தவள். கடைசி மாதங்களில் நான் நாளுக்கு ஆயிரத்தைந்நூறு கலோரி மட்டும் தின்று, நான் வேலை செய்யும் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கவே தெம்பில்லாமல் கிடந்தேன். சோறு கண்ணிலும் படவில்லை. இனிக் குறைத்தது போதும், தசை போட வேண்டும் என்றாள் ஜெசிதா. ஆனால் மெதுவாக. வாரத்துக்கு நூறு கலோரி மட்டும் கூட்டுவது, மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேல் ஏற விடாமல் பார்ப்பது. அதற்காக மத்தியானச் சோற்றை அரிசியாகவே தராசில் நிறுத்துப் போட்டேன். தின்றதையெல்லாம் கொப்பி நிறைய எழுதினேன்.

முதல் வாரம் ஒரு கிலோவுக்கு மேல் ஏறியது. உடனே ஜெசிதாவிடம் சொன்னேன். "பயப்பிடாதைங்கோ, சோறு திரும்ப வந்தால் தசைக்குள்ளை மாச்சத்தும் தண்ணியும் சேரும். அது கொழுப்பில்லை," என்றாள். சரி என்று இருந்தேன். அடுத்த மூன்று வாரமும் அரைக் கிலோ அளவில் ஏறிக்கொண்டே போனது. காலையில் வெறும் வயிற்றோடு எடை பார்த்து, ஏழு நாளைச் சராசரி போட்டுப் பார்த்தாலும் அதே கதை. இடுப்பு எழுபத்தாறு சென்ரிமீற்றரிலிருந்து எழுபத்தொன்பது. தண்ணி இடுப்பில் மூன்று சென்ரிமீற்றர் போடுமா?

சீனி வருத்தம் முற்றி அம்மாவின் காலை வெட்டியது என் கண்முன்னால். அந்தப் பருத்த உடம்பு எனக்குத் திரும்பி வந்துவிடும் என்று பயந்தேன். வரும் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி ஆயிரத்தைந்நூறுதான் என்று முடிவெடுத்தேன்.

பழியைப் புருஷன் தலையில் போட்டேன். எமில்ராஜ் இரவு மீன்பிடிக்கப் போய், விடியக் கடலால் வந்து நித்திரை கொண்டு எழும்புவார்; மத்தியானச் சமையல் அவர் கையில்தான். களவாய் எண்ணெய் ஊற்றுகிறார் என்று பாய்ந்தேன். "மாதாவாணை, எண்ணெய் விடேல்லை," என்றார். கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வைத்த மீன்குழம்பைச் சட்டியோடு தூக்கி வெளியே நாய்க்குக் கொட்டினேன். அவர் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

நான் திங்கள் முடிவை ஜெசிதாவிடம் சொன்னதும், சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, வழக்கமா எப்பிடிச் சாப்பிடுறியளோ அப்பிடிச் சாப்பிடுங்கோ. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

பொலிஸ்காரிபோலக் குசினிக்குள் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அரிசி நிறுத்த கணக்கைக் காட்டினேன். மீன் துண்டைத் தராசில் வைத்தேன். பயத்தங்காய் வைத்தேன். எல்லாம் கொப்பியில் இருந்தது.

"இப்ப என்ன சொல்லுறீர்?" என்று கேட்டுக்கொண்டே சோற்றின்மேல் சொதியை ஊற்றினேன். ஒரு அகப்பை, ரெண்டு, மூண்டு.

"அக்கா, உது?"

"சொதி."

"உதை எழுதினனீங்களோ?"

"சொதியை ஆரும் எழுதுவினமே? சோத்தை நனைக்க விடுற தண்ணி!"

"எத்தினையாம் தேங்காய்ப்பால்?"

நான் வாய் திறக்கமுன் பின்வாசலில் நின்ற எமில்ராஜ் சொன்னார். "முதல் பாலும் சேர்த்துத்தான். நல்ல கட்டியா."

ஜெசிதா மூன்று அகப்பையையும் அளவுக் கோப்பையில் ஊற்றச் சொன்னாள். கால் லீற்றருக்கு மேல். "முன்னூறு கலோரிக்குக் கிட்ட, ஒவ்வொரு நாளும். நாங்கள் கூட்டினது வாரத்துக்கு நூறு."

சோறே தின்னாத காலத்தில் சொதியும் தன்பாட்டில் நின்றுவிட்டது. சோறு வந்தபோது அதுவும் கூடவே வந்தது. பத்துக் கிராம் பயத்தங்காயை எழுதினவளுக்கு அது கண்ணில் படவில்லை. ஐயோ, என்ன விசரி நான்!

"பட்டினிக்குத் திரும்பிப் போகாதைங்கோ. சேர்த்த பலமும் போயிடும். ஒரு அகப்பை சொதி, எழுதிப்போட்டு. சோறு இப்ப இருக்கிற அளவு. ரெண்டு கிழமை ஒண்டும் கூட்ட வேண்டாம், பாப்பம்," என்று ஜெசிதா போய்விட்டாள்.

எமில்ராஜ் குசினிக்குள் வந்தார். "எண்ணெய் விடேல்லை எண்டு நாலு தரம் சொன்னன் றெஜினா. நீ கொப்பியை நம்பினாய்."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." பதின்மூன்று வருஷத்தில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் இன்னொரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்து, அதில் புதிதாகச் சோறு போட்டு, ஒரே ஒரு அகப்பை சொதி ஊற்றி என் முன்னால் வைத்தார்.

அறுபத்தாறு கிலோ நானூறு. இடுப்பு எழுபத்தொன்பது. இரண்டும் என் தலைக்குள் நின்று கத்தின. பயத்தோடுதான் சாப்பிட்டேன். ஆனால் ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டேன்.