தாள் மாறிய விடை

"செத்துப்போன கிருமி எப்படிம்மா எலியைக் கொல்லும்?" என்று மகள் ஆரிபா ஒருமுறை கேட்டாள்.

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் லத்தீபா அப்போது கிரிஃபித் சோதனையை வகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். சூட்டில் கொன்ற நோய்க்கிருமியோடு நோய் தராத கிருமியை உயிரோடு கலந்து ஊசி போட்டால் எலி சாகிறது. செத்ததிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ளதற்குள் போய் அதை மாற்றிவிடுகிறது. அது டி.என்.ஏ. என்று பின்னால் ஏவரி காட்டினார். பெரியவளானதும் சொல்கிறேன் என்று லத்தீபா மகளிடம் சொன்னாள். ஆரிபா பெரியவளாகவில்லை. மாசியில் மஞ்சள் காமாலையில் மௌத்தாகிவிட்டாள்.

சித்திரையில் ஒத்தக்கடைக் கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் முகாம். லத்தீபா போனாள். வீட்டில் இருக்க முடியவில்லை. தொழுதாலும் மனம் எங்கும் ஒட்டவில்லை.

அன்று வந்த தாளில் கட்டுரை வினாவுக்கு நீளமான விடை. ஹெர்ஷி, சேஸ் சோதனை சரியாக இருந்தது: வைரஸின் பாஸ்பரஸ் அடையாளமிட்ட டி.என்.ஏ. பாக்டீரியாவுக்குள் போனது, கந்தகம் அடையாளமிட்ட புரதம் பெரும்பாலும் வெளியே தங்கியது. அடுத்தது டி.என்.ஏ. எப்படி இரட்டிக்கிறது என்று காட்டிய மெசல்சன், ஸ்டால் சோதனை: வேகமாகச் சுழற்றினால் கனமான டி.என்.ஏ. கீழேயும் இலேசானது மேலேயும் பட்டையாகத் தங்கும். கன நைட்ரஜனில் பாக்டீரியாவை வளர்த்தார்கள் என்று ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தில், "இரண்டு பட்டைகள் தெரிந்தன, ஒன்று நடுவில், ஒன்று மேலே இலேசாக." முதல் தலைமுறையிலேயே இரண்டு பட்டை வராது. லத்தீபா சிவப்பில் கோடு போட்டு, மீதியை மேலோட்டமாகப் புரட்டினாள். கூட்டினால் தேர்ச்சிக்குக் குறைந்தது.

கடைசிப் பக்கத்தில், பெண்பிள்ளை நான், இதிலும் தவறினால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள், கருணை காட்டுங்கள் என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண்.

பக்கத்து நாற்காலி நல்லகாமன் எட்டிப் பார்த்தார். "கண்ணீருக்கு எம்புட்டு மார்க் மேடம்? ஸ்கீம்ல போடலையே." சிரித்துக்கொண்டே எல்லாரோடும் டீக்குப் போனார்.

கண்ணீருக்கு மார்க் இல்லை என்பது லத்தீபாவுக்கும் தெரியும். தாளை மூடப் போனவள், கோடு போட்ட பக்கத்தின் முதல் வரியைப் பார்த்தாள். வாக்கியம் பாதியில் தொடங்கியது. அதற்கு அடுத்த தாளைப் புரட்டினாள். "இலேசான நைட்ரஜனுக்கு மாற்றி ஒருமுறை பெருகியதும் ஒரே பட்டை, நடுவில். எனவே ஒவ்வொன்றிலும் பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று. மறுமுறை பெருகியதும்" என்று அந்தத் தாள் நின்றது.

கடைசி மணி அடிக்கும் அவசரத்தில் கூடுதல் தாள்களை முன்பின்னாக நூலில் கட்டியிருக்கிறாள். விடை முழுதும் சரி.

மாசியில், ஆஸ்பத்திரியில் ஆரிபாவின் கட்டிலருகே ஒரு மத்தியானம் லத்தீபா அசந்து தூங்கிவிட்டாள். விழித்தபோது பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய், யாரோ ஒரு கிராமத்துக்காரி, ஆரிபாவின் தலையைத் தன் மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். லத்தீபா அவள் பெயர்கூடக் கேட்கவில்லை. பிறகு தேடியும் கிடைக்கவில்லை. இந்தத் தாளிலும் பெயர் இல்லை, எண் மட்டுந்தான்.

லத்தீபா முதலிலிருந்து மறுபடி படித்தாள். கோட்டை அடித்து, ஓரத்தில் கையெழுத்திட்டு, எழுதியதற்கு உரிய மதிப்பெண்ணைப் போட்டாள். ஒன்றும் கூடுதலாகப் போடவில்லை. தேர்ச்சி.

கூடத்தில் யாரும் இல்லை. அவள் துக்கம் கொஞ்சமும் குறையவில்லை. தாளைக் கட்டின் நடுவில் சொருகிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.