துவக்கப் பாட்டில் ஒரு கல்

தாளாளர் கௌதம்ராஜுக்கு நாடகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதில் அம்புஜவல்லி டீச்சருக்கு வருத்தமில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாதுதான். ஆனால் அவர்கள் யாரும் டீச்சரை அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி கூடக் காட்டாமல், யோசனை சொல்வதில்லை.

"மேடம், ஓப்பனிங் பாட்டுல நம்ம பொண்ணு இந்து முதல்ல வரணும்."

"சார், இந்துவுக்கு மூணாவது காட்சியிலதான் வேலை. மாடி வீட்டுக்காரர் மக வேஷம். ரெண்டே வசனம்."

"வசனத்தைக் கூட்டச் சொன்னேனா? முதல்ல வரணும். அம்புட்டுத்தான்."

"முதல்ல வாரவளைத்தான் சனம் கதாநாயகின்னு நினைக்கும்."

"நினைக்கட்டுமே!" என்று சிரித்தார். ஏதோ டீச்சரே தெரியாமல் நல்ல வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி. "போன வருஷம் பாட்டு எப்படி இருந்துச்சு? பதினஞ்சு பிள்ளைக, பளபளன்னு டிரெஸ்ஸு, புகை மெஷினு..."

போன வருஷம் அவரே போட்ட பாட்டுத்தான். பதினைந்து பிள்ளைகள் பளபளவென்று ஆடிவிட்டுப் போனார்கள். புகை அடங்கி நாடகம் தொடங்கியபோது எது ராஜா, எது மந்திரி என்று ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் பந்தலில் பாதி காலி. அந்தப் பாதியைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மனுஷன், 'சனத்துக்கு நாடகமே பிடிக்கல' என்று கண்டுபிடித்தார்.

"இந்த வருஷமும் கூட்டம் கலைஞ்சா, அடுத்த வருஷத்துலேருந்து அந்த நேரத்தை மதுரை டான்ஸ் குரூப்புக்குக் குடுத்துருவோம். ட்ரஸ்ட்ல பேசியாச்சு," என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பஸ் ஏறி வந்து தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் அம்புஜவல்லி. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது, ஆண்டு விழாவில் அரைமணி நேர நாடகம் ஒன்றுதான். அதுவும் இப்போது பிள்ளைப்பாசமும் புகை மெஷினும் உள்ள ஒரு ஆளின் கையில்.

நாடகத்தை அவள் முன்பே எழுதி முடித்திருந்தாள். தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற ஒரு தெரு. பஞ்சு மில்லில் வேலை பார்க்கிற மாரிதான் கதை. மகளுக்குப் பிரசவமாகி நாலு நாள். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்ட மாரிக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டும். மாரியாக நடிப்பது ஒன்பதாம் வகுப்பு சண்முகத்தாய். வன்னியம்பட்டியிலிருந்து வேனில் வருகிற பெண். குரல் கணீரென்று இருக்கும், முகத்தில் பவுடர் நிற்காது.

துவக்கப் பாட்டுத்தான் பாக்கி. அதை எப்போதும் கடைசியில்தான் எழுதுவாள். வீட்டைக் கட்டாமல் வாசலை எங்கே வைப்பது?

பாட்டு வாத்தியார் ஜோயல் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தான்.

"என்ன டீச்சர், தாளாளர் என்ன சொல்லுதாரு?"

"அவர் மக முன்னால வரணுமாம். வரட்டும். எப்படி வாரான்னு நான் காட்டுதேன்."

அந்தக் கோபத்திலேயே உட்கார்ந்து எழுதினாள். பல்லவி எல்லாரும் சேர்ந்து:

*மூணு நாளா வறண்ட தெரு, லாரி வருது வாங்களே!*
*முந்தி வந்த ஆளுக்குத்தான் மொதத் தண்ணி, கேளுங்களே!*

"ரெண்டு வரியில தெருவும் வந்துருச்சு, தெருவோட சட்டமும் வந்துருச்சு," என்றான் ஜோயல். "ஆனா 'வறண்ட'ங்கிறது தாளத்துல அடி விழுற இடத்துல வரல டீச்சர்."

"வராட்டி என்ன? 'மூணு'ல ஒரு அடி, 'தெரு'வுல ஒரு அடி. எத்தனை நாளு, எந்த இடம். அந்த ரெண்டும் காதுல விழுந்தாப் போதும்."

"வரி முடியுறது 'ளே'ன்னு இருக்கறது நல்லதாப் போச்சு. இழுக்கலாம். போன வருஷம் 'குடும்பம்'னு முடிச்சாக. புள்ளைக வாயை மூடிக்கிட்டு எதை இழுக்கும்?"

அடுத்து ஆளுக்கு இரண்டு வரி. முதல் வரியில் யார், இரண்டாம் வரியில் என்ன வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. டீக்கடைக்காரர்:

*பாய்லரு கொதிக்குது கடையிலே, என்*
*பாலு இருக்கு, தண்ணி எங்கே?*

மேடையில் மைக் இரண்டுதான். அதனால் ஒவ்வொரு ஆளும் மைக் முன்னால் வந்து பாடி நகர வேண்டும். பின்னால் நிற்கிறவர்கள் 'டீக்கடைக்காரர்! டீக்கடைக்காரர்!' என்று திருப்பிப் பாட வேண்டும். முதலில் கேட்காதவனுக்கு இரண்டாம் தடவை கேட்கும். அஞ்சரைக் கட்டை சுருதி பிள்ளைகளுக்கு எட்டவில்லை. ஜோயல் அரைக் கட்டை இறக்கினான்.

எல்லாருக்கும் முன்னால் இந்து. பளபளக்கும் எவர்சில்வர் குடத்தோடு:

*தள்ளு தள்ளு, நான்தான் மொத, மாடி வீட்டு மகளாக்கும்!*
*எங்க வீட்டுப் போரு வத்திப் போச்சு, வழியை விடு, விலகாட்டி நோகும்!*

எழுதியதும் அம்புஜவல்லிக்குக் குளுகுளுவென்று இருந்தது. அப்பன் கேட்ட இடத்தையே மகளுக்குக் கொடுத்தாயிற்று. வரிசையில் புகுந்தவள் என்று பட்டமும் கட்டியாயிற்று. மாரிக்குக் கடைசியில் நாலு வரி, உருக்கமாக.

ஒத்திகை நடந்தது. டீச்சர் ஏழாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தாள். நாடகம் தெரியாத நாற்பது பிள்ளைகள். பாட்டு முடிந்ததும் கேட்டாள்.

"இது யாரு கதை?"

"இந்து அக்கா கதை!" நாற்பது வாயும் ஒன்றாக.

"அவளுக்கு என்ன வேணும்?"

"முதல்ல நிக்கணும்!"

"மாரிக்கு?"

"அது யாரு மிஸ்?"

சண்முகத்தாய் குடத்தை இடுப்பில் வைத்தபடி அங்கேயே நின்றாள். குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

பிள்ளைகள் போனபின் ஜோயல் மெதுவாகச் சொன்னான். "டீச்சர், கோவிச்சுக்கிடாதீக. நீங்க அவர் மூக்கை அறுக்கப்போயி, அவர் மகளுக்கே மூக்குத்தி செஞ்சு போட்டுட்டீக. நாலு வரி ஒப்பாரி வச்சா மாரியை யாரு பாப்பா? அதுக்குள்ள சனம் இந்துவை எடுத்து மடியில வச்சிருச்சு."

"தெரியுதுடா. நீ வேற வாசிச்சுக் காட்டாத."

ஒரு முட்டாளை இளப்பமாகப் பார்த்துக்கொண்டே எழுதினால் எழுத்து அந்த முட்டாளைச் சுற்றியே வரும். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பு சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் தெருவுக்கு லாரி வந்தது. தெருமுனையில் குடங்களும், குடத்துக்கு இடம் பிடித்து வைத்த கற்களும், ஒரு ஒற்றைச் செருப்பும் வரிசையாக நின்றன. அம்புஜவல்லியின் செங்கல் நாலாவது. குடத்தோடு வந்து பார்த்தால் செங்கல் சாக்கடை ஓரத்தில் கிடந்தது; அந்த இடத்தில் புதிதாகக் குடிவந்தவள் ஒருத்தி.

அம்புஜவல்லி வாயைத் திறக்குமுன் பின்னால் நின்ற வெள்ளத்தாய் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, டீச்சர் கல்லை ஏன் எடுத்த?"

"கல்லுதானே கிடந்துச்சு. ஆளைக் காணோமே."

"கல்லு நின்னா ஆளு நின்ன மாதிரி. உங்க ஊருல வரிசையே கிடையாதா? அவிய பூசையில இருப்பாக, பொறவு வருவாக. அதைக் கேக்க நீ யாரு?"

"அந்தச் செங்கல்லுதான் டீச்சராக்கும்?"

"ஆமா. வணக்கம் சொல்லிட்டு நகரு!"

தெரு முழுவதும் சிரித்தது. இவள் இன்னும் வரிசைக்கே போய்ச் சேரவில்லை. அதற்குள் இவள் யார், என்ன செய்துகொண்டிருந்தாள், எந்த இடம் இவளுடையது, எல்லாவற்றையும் ஒரு செங்கல் சொல்லி முடித்துவிட்டது.

பாட்டை மாற்றி எழுத, தண்ணீர் பிடிக்காமலே வீட்டுக்கு நடந்தாள். "டீச்சர், குடம்!" என்று வெள்ளத்தாய் பின்னால் கத்தினாள்.

திங்கட்கிழமை ஜோயலிடம் சொன்னாள். "மேடை திறக்கும்போது ஆளே கிடையாது. மைக்குக்கு நேரா நடுவுல ஒரு கல்லு. அம்புட்டுத்தான்."

"இந்து?"

"கல்லுக்குப் பொறவு மொதல்ல வாரவ இந்துதான். தாளாளர் வாக்கைத் தட்டலாமா?"

இப்போது பாட்டு இப்படி ஆனது. இந்து வருகிறாள், முதல் இடத்தில் கல்லைப் பார்க்கிறாள், 'இது யாரு கல்லு?' என்று கேட்கிறாள். கூட்டம் பாடுகிறது: *மில்லுக்குப் போன மாரி கல்லு!* முகம் சுளித்து இரண்டாவதாக நிற்கிறாள். டீக்கடைக்காரர் வருகிறார், தன் இரண்டு வரியைப் பாடுகிறார், முன்னால் போகப் பார்க்கிறார். 'இது யாரு கல்லு?' *பேத்தி பொறந்த மாரி கல்லு!* ஒவ்வொரு ஆள் வரும்போதும் அதே கேள்வி. பதிலில் மாரியைப் பற்றி ஒரே ஒரு புதுச் சேதி. *குளிக்காத பச்சப்புள்ளை, குடம் தேடும் மாரி கல்லு!* ஐந்து ஆள் அறிமுகமாகும் நேரத்தில் மாரி ஐந்து தடவை அறிமுகமாகிவிட்டாள், கால் கூட வைக்காமல். கடைசியில் லாரி ஹாரன். இந்து இங்கும் அங்கும் பார்த்து, கல்லைக் காலால் தள்ளிவிட்டு அந்த இடத்தில் குடத்தை வைக்கிறாள். பாட்டு அந்த நிமிஷம் பாதி வரியில் நிற்கிறது.

"முடிப்பு வைக்கவேண்டாமா? சனம் கைதட்ட ஒரு இடம் வேணுமே," என்றான் ஜோயல்.

"கைதட்டிட்டா ஏப்பம் விட்டுட்டு எந்திரிச்சுருவான். பாதியில நிறுத்து. மிச்சப் பாதிக்கு உக்காந்திருப்பான்."

சண்முகத்தாய் கேட்டாள். "மிஸ், அப்ப எனக்குப் பாட்டுல வரியே இல்லையா?"

"இல்லை. ஒனக்கு ஊரே பாடுது. நீ பொறவு வந்து வெறுமனே பேசு."

ஆண்டு விழா. கௌதம்ராஜ் முன்வரிசை சோபாவில், மாலையைக் கூடக் கழற்றாமல். திரை விலகியதும் ஒரு கல்லைப் பார்த்து, "என்ன மேடையைக் கூட்டலியா?" என்றது பக்கவாட்டில் நின்ற அம்புஜவல்லிக்கே கேட்டது. இந்து வந்ததும் சிறப்பு விருந்தினரின் தொடையைத் தட்டிக் காட்டினார்.

மூன்றாவது தடவை 'இது யாரு கல்லு?' வந்தபோது, பின்வரிசைப் பெண்கள் பிள்ளைகளை முந்திக்கொண்டு பாடினார்கள்: "மாரி கல்லு!"

ஹாரன் அடித்தது. இந்து கல்லைத் தள்ளினாள். ஜோயல் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"ஏட்டி! கல்லை வைட்டி!" பந்தலின் கோடியிலிருந்து ஒரு குரல். "நல்லா இருப்பியா நீ?" இன்னொன்று. "மாடி வீட்டுத் திமிரு!" என்றது சோபாவுக்கு நேர் பின்னாலிருந்து.

கௌதம்ராஜ் மாலையோடு மேடையின் பக்கப் படியில் ஏறி வந்தார். "என்ன மேடம் இது? எம்பிள்ளையை ஊரே வையுது! நிறுத்துங்க பாட்டை!"

"பாட்டு முடிஞ்சு போச்சு சார். இனிமே நாடகம்."

"என் பொண்ணை வில்லி ஆக்கிட்டீங்களே!"

"நீங்க முதல்ல வரணும்னுதான் கேட்டீக. நல்லவளா வரணும்னு கேக்கலியே."

திரை மறைவுக்கு வந்த இந்து மூச்சிரைக்க, முகமெல்லாம் பல்லாக அப்பன் முன்னால் நின்றாள். "நான்னா, கேட்டீங்களா, எப்படி வைதாங்க! செத்த ஒதுங்குங்க, உங்க சத்தம் மைக்ல போகுது."

அவர் ஒதுங்கினார். போவதற்கு வேறு இடமும் இல்லை.

மேடைக்கு சண்முகத்தாய் வந்தாள். பிளாஸ்டிக் குடம், தலையில் பஞ்சுத் துணுக்கு, முகத்தில் நிற்காத பவுடர். வரிசையைப் பார்த்தாள். இரைச்சல் அடங்கட்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தபடி காத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எங் கல்லை யாரு எடுத்தது?"

"அந்தா, அந்த எவர்சில்வர் குடத்துக்காரி!" என்றது பந்தல் முழுவதும்.

அடுத்த வசனம் ஒரு காதிலும் விழவில்லை. அம்புஜவல்லி திரையின் ஓரத்திலிருந்து கையைக் காட்டினாள்: "இரு ஏட்டி, அவங்க பேசி முடிக்கட்டும்."