ஒண்ணாம் தேதி ராத்திரி

மேஜைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட கிளார்க். இந்தப் பக்கம், நூல் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்த அப்பன், அவன் பெண்டாட்டி, புது ஷூவைக் கழற்ற மறுத்த மகள். சுவரில் ஓர் அறிவிப்பு: ஜூன் ஒன்றாம் தேதி ஆறு வயது பூர்த்தியாகியிருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. ஜூனுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

கிளார்க் விண்ணப்பத்தில் ஒரு விரலும் பிறப்புச் சான்றிதழில் ஒரு விரலும் வைத்தார்.

"இதுல ஜூன் ஒண்ணாம் தேதி. அதுல ரெண்டாம் தேதி. உங்க பொண்ணு எத்தனை தடவை பொறந்தா?"

"ஒண்ணாம் தேதிதான் சார். ஷிஃப்ட்ல இருக்கும்போது, பொறந்த உடனே போன் வந்துச்சு."

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணேகால் இருக்கும். ஒண்ணாம் தேதி ராத்திரி."

"பன்னெண்டு தாண்டினா அடுத்த தேதி சார். காலண்டர் உங்க ஷிஃப்ட் பார்த்தா கிழியுது?"

ஆலையில் அப்படித்தான். பத்து மணிக்கு உள்ளே போனவன் விடிந்து வெளியே வரும்வரை வருகைப் பதிவேட்டில் ஒரே தேதி. பதினோரு வருஷமாக அவனுக்கு நடுராத்திரியில் நாள் மாறியதே இல்லை. சான்றிதழை வாங்கிய அன்றே லேமினேட் செய்து பெட்டிக்கு அடியில் போட்டவன், அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"நான் மயக்கத்துல கெடந்தேன். இவர் சொன்னதுதான் எனக்குத் தேதி," என்றாள் பெண்டாட்டி. "வருஷா வருஷம் ஒரு நாள் முந்தியே கேக் வெட்டியிருக்கோம், தண்டம்."

"ஒரு நாள்தானே சார்," என்றான் அவன்.

கிளார்க் கம்ப்யூட்டரில் தேதியைத் தட்டித் திரையைத் திருப்பினார். ஐந்து வருடம், பதினோரு மாதம், முப்பது நாள். கீழே சிவப்பில்: தகுதியில்லை.

"உங்களை விட்டா ரெண்டு நாள்காரர் வருவார். அப்புறம் பத்து நாள்காரர். அடுத்த வருஷம் வாங்க."

"பகல்ல இவளை விடுற காப்பகத்துல ஆறு முடிஞ்சா வெச்சுக்க மாட்டாங்க. நீங்க ஆறு முடியலைங்கறீங்க. ஒரு வருஷம் இவ எங்க சார் இருப்பா?" என்றான் அவன்.

கிளார்க் சான்றிதழை அவன் பக்கம் நகர்த்தினார். அதில் தப்பு எதுவும் இல்லை. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான்.

ஜூன் மூன்றாம் தேதி காலை. அவன் ஷிஃப்ட் முடித்து வந்து பாயில் விழுந்தான். பெண்டாட்டி துணிக்கடை வேலைக்குக் கிளம்பினாள். மகள் ஷூவோடு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஆறு ஆயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சு. இனிமே காப்பகம் இல்ல. அப்பா எந்திரிக்கிற வரைக்கும் சத்தம் போடக் கூடாது."

"வெளிய போலாமா?"

பெண்டாட்டி அவனைப் பார்த்தாள். தூங்கிவிட்டால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான் என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

பெண்டாட்டி மட்டும் வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு மூடியது. வெளிப்பக்கம் பூட்டு விழுந்தது. ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.