ஏழு சென்டிமீட்டர் வில்

முதல் நாளே அவளுக்குக் 'கறார் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கணக்கு விடைத்தாள் திருத்தும் அந்தக் கூடத்தில், ஆறாம் மேசையில் அவள்தான் புதுசு. மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டுக் கிடைத்த இடம். ஆனால் இரண்டாம் நாள் மதியத்துக்குள் அது ஆட்டம் கண்டுவிட்டது.

மேசைத் தலைவர் தான் ஏற்கெனவே திருத்திய தாள்களின் நகலை, மதிப்பெண் இல்லாமல், ஒவ்வொருவரிடமும் கொடுத்துப் பார்ப்பார். இரண்டு மதிப்பெண்ணும் ஒத்துப்போக வேண்டும். அவளுக்கு இரண்டு முறை ஒத்துப்போகவில்லை. அவர் மூன்று போட்ட இடத்தில் அவள் ஒன்று போட்டிருந்தாள். மூன்றாம் முறையும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதுதான் விதி. மனுஷர் நல்லவர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அதுவே அவளை இன்னும் கூசச் செய்தது.

கேள்வி இதுதான். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு மீட்டர் என்ற அளவில் ஒரு செவ்வகத் தோட்டம் வரைந்திருக்கும். ஒரு மூலையில் மரம். மரத்திலிருந்து பதினாலு மீட்டருக்குள், அந்த மூலையில் தொடங்கும் நீளச் சுவரிலிருந்து ஆறு மீட்டருக்கு அப்பால், கிணறு தோண்டக்கூடிய இடத்தைத் தீட்டிக் காட்ட வேண்டும். மரத்தை மையமாக வைத்து ஏழு சென்டிமீட்டர் வில்லுக்கு ஒரு மதிப்பெண். சுவருக்கு இணையாக மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போட்ட கோட்டுக்கு ஒன்று. இரண்டும் சரியாக இருந்து சரியான பகுதியைத் தீட்டினால் மூன்றாவது. இரண்டு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். வில்லுக்கும் கோட்டுக்கும் எல்லை அச்சிட்ட கண்ணாடித் தாளை மேலே வைத்துப் பார்த்தால் போதும், வேலை மளமளவென்று ஓடும்.

மூன்றாவது தாளை அவர் அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

எவ்வளவு அழகான படம்! காம்பஸ் முனை குத்திய புள்ளி கச்சிதமாக மூலையில் இருந்தது. தீட்டல் மட்டும் குழந்தைக் கை, ஓரிரண்டு கோடு வில்லைத் தாண்டி வழிந்திருந்தது. அதையெல்லாம் பெரிசுபடுத்த அவள் அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை, எந்தப் பகுதி என்பது தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடித் தாளை வைத்தாள். கோடு எல்லைக்குள். வில் வெளியே.

நேற்றிலிருந்து இதே கதை. கோடு சரி, வில் வெளியே. அவளுக்குச் சட்டென்று உறைத்தது. பிள்ளைகள் தப்பாக வரைந்தால் ஒருவர் கூட்டி வரைவார், இன்னொருவர் குறைத்து வரைவார். இத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பக்கமாகவா தப்புவார்கள்?

ஸ்கேலை எடுத்து அந்த வில்லை அளந்தாள். ஏழு, மயிரிழை பிசகில்லை. பிறகு கண்ணாடித் தாளில் வில்லின் வெளி எல்லையை அளந்தாள். ஏழு புள்ளி இரண்டு இருக்க வேண்டியது ஆறு புள்ளி ஒன்பதுதான் இருந்தது. தாளே சுருங்கியிருந்தது. மூன்று சென்டிமீட்டர் கோட்டில் அந்தச் சுருக்கம் எல்லைக்குள் அடங்கிவிட்டது, ஏழில் அடங்கவில்லை.

மூன்று மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டாள். தாளோடு கண்ணாடித் தாளையும் ஸ்கேலையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் ஒருமுறை அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கண்ணாடித் தாள் ஒண்ணு குறைஞ்சுதுன்னு நான்தாம்மா ஆபீஸ்ல நகல் எடுத்தேன். மிஷின் தாளுக்கு ஏத்த மாதிரி சுருக்கிடுச்சு போல."

"அளக்காம வாங்கிக்கிட்டது என் தப்பு சார். கணக்கு டீச்சர் நான்."

முதல் இரண்டு தவறையும் அவர் அப்போதே பதிவேட்டில் அடித்து, பக்கத்தில் காரணம் எழுதினார். ஆனால் அவள் நினைப்பு திருத்தி முடித்த எழுபத்திரண்டு தாள்களில் இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். அவர் உடனே நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒன்று மூன்றானது. இன்னொரு ஒன்றும் மூன்றானது. அடித்துத் திருத்திய ஒவ்வோர் இடத்திலும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐம்பதைத் தாண்டியபோது அவள் கிட்டத்தட்ட பாடிக்கொண்டே திருத்தினாள். அவ்வளவு சந்தோஷம். நடுவே ஒரு தாளில் காம்பஸ் நழுவி வில் ஆறு புள்ளி ஆறுக்கு வந்திருந்தது. சுருங்கிய தாளின் தயவில் அதற்கு முழு மதிப்பெண் விழுந்திருந்தது. அதை அடித்து ஒன்று போடும்போது மட்டும் அவள் பேனா தயங்கியது. ஆனாலும் போட்டாள்.

கூடம் காலியாகும்போது கடைசிக் கட்டைக் கட்டி அவரிடம் கொடுத்தாள். அவர் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு நேரே அடுத்த நாள் கட்டத்தில் தாள்களின் எண்ணிக்கையை எழுதினார். மற்ற எல்லோருக்கும் எண்பது, அவளுக்கும் எண்பது.