சேர்ந்து அமுக்கினால் நாலு கோடி

அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் எந்த மெஷினுக்கு எத்தனை ஆள் என்று ஷீட் போடுகிற வேலை அவனுக்கு. பதினோரு வருஷமாக அதே வேலை. வீட்டில் அவனுக்கு ஃபார்முலா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பந்தி எத்தனை என்று கேட்டாலும் லேப்டாப்பைத் திறப்பான், ஃபேனுக்கு எவ்வளவு கரண்ட் என்று கேட்டாலும் லேப்டாப்பைத் திறப்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வம்தான் அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. அவனும் மனைவியும், அக்காவும் மாமாவும் சேர்ந்து பணம் போட்டுப் பதினாலு வகை கிரிப்டோ காயின் வாங்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் விலையைத் தேடி, எண்ணிக்கையால் பெருக்கி, கூட்டிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது. எக்ஸெல்லில் வெப்சர்வீஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு முகவரியைக் கொடுத்தால் இணையத்தில் அந்த முகவரி என்ன பதில் தருகிறதோ அதை அப்படியே கட்டத்துக்குள் கொண்டுவந்து போடும். விலை சொல்லும் இலவசத் தளம் ஒன்றைப் பிடித்தான். காயினுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு கேள்வி. எழுத்தாக வரும் பதிலை எண்ணாக மாற்றி எண்ணிக்கையால் பெருக்கினான். உச்சியில் மொத்தத்தைப் பெரிய பச்சை எழுத்தில் வைத்தான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் ஒன்பது மூன்றையும் சேர்த்து அமுக்கினால் பதினாலு விலையும் புதிதாக வந்து உட்காரும். ஆளுக்கு ஒரு காப்பி அனுப்பினான். மொத்தம் எண்பத்து மூவாயிரத்துச் சொச்சம். போட்டதில் பாதி.

மாமா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதற்கும் பயப்படாத மனிதர், அது தொழிலால் வந்த பழக்கம். ஷீட்டைப் பார்த்ததும், "இத்தனை பத்தி எதுக்கு மாப்ள? மொத்தம் மட்டும் தெரிஞ்சா போதாதா?" என்று மற்றதையெல்லாம் மறைக்கச் சொல்லிவிட்டார். பதினாலு வரிகளில் கடைசி வரி அவருடைய செல்லம். வாத்து காயின். ஒரு பிரஷர் குக்கர் விலைக்கு நாலு கோடியே பத்து லட்சம் காயின் வாங்கிப் போட்டிருந்தார். இப்போது அத்தனையையும் விற்றால் குக்கருக்கு மூடி வாங்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அவனுடைய லேப்டாப், மனைவியுடையது, அக்காவுடையது, மூன்றும் வரிசையாக இருந்தன. "மூணு பேரும் ஒரே நேரத்துல அமுக்குங்க, யாரோடது முதல்ல வருதுன்னு பாப்போம்" என்று மாமா விளையாட்டாகச் சொன்னார். அமுக்கினார்கள். மூன்று திரையிலும் நாலு கோடியே பத்து லட்சத்து எண்பத்தோராயிரம் என்று பச்சையில் வந்து நின்றது.

பத்து நிமிடம் கழித்து அவன் தனியாக அமுக்கினான். எண்பத்து மூவாயிரம். மூன்று பேரும் சேர்ந்து அமுக்கினார்கள். நாலு கோடி. கொஞ்சம் பொறுத்து அக்கா தனியாக. எண்பத்து மூவாயிரம். சேர்ந்து. நாலு கோடி.

"எனக்குப் புரிஞ்சு போச்சு," என்றார் மாமா கண் கலங்க. "இத்தனை நாள் நாம ஆளாளுக்குத் தனியா பாத்துக்கிட்டு இருந்தோம். அதான் ஏறல. குடும்பம் ஒத்துமையா இருந்தா காயினுக்கே தெரியுது."

இதை யாரும் மறுக்கவில்லை என்பதுதான் விஷயம். ஒரு பழைய சண்டையில் எட்டு மாதமாகப் பேசாமலிருந்த அவன் மனைவியும் அக்காவும் அன்றைக்குத்தான் பேசிக்கொண்டார்கள். "அண்ணி, கையை அந்த மூணு கீ மேலயே வெச்சுக்குங்க" என்றாள் மனைவி. "வெச்சிருக்கேன்மா, நீ சொல்லு" என்றாள் அக்கா. அதைப் பார்த்து அவனும் வாயை மூடிக்கொண்டான். உள்ளுக்குள் ஏதோ இடித்தது, ஆனால் நாலு கோடி இடிக்கும்போது சத்தம் கேட்காது.

சிக்கல் சனிக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிற அக்கா ராஜினாமா கடிதம் எழுதிவிட்டாள். அவளுடைய மேனேஜர் ஒரு நாள் விடாமல் பேஷன்ட்டுகள் முன்னாலேயே அவளிடம் கத்துகிறவர். கடிதத்தில் அவருக்கு நாலு பக்கம் பதில் இருந்தது. "நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்கு வந்து, கடைசியா ஒரு தடவை அமுக்கிப் பாத்துட்டு அனுப்பிடறேன்டா" என்று போனில் சொன்னாள். அக்கா குரலில் இவ்வளவு சந்தோஷத்தை அவன் அவள் கல்யாணத்தில்கூடக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மறைத்த பத்திகளைத் திறந்தான். கடைசியாகச் சேர்ந்து அமுக்கியபோது வந்த விலைகள் அப்படியே இருந்தன. மேலே பத்து வரிகளில் ஒழுங்கான விலை. கடைசி நாலில் 1, 1, 1, 1.

அந்த ஒன்றை வைத்தவன் அவனேதான். விலை வராவிட்டால் கட்டத்தில் அசிங்கமாகப் பிழை என்று நிற்கும். அது கண்ணில் படக்கூடாது என்று இஃப்எரர் போட்டு, பிழை வந்தால் ஒன்று என்று எழுதியிருந்தான். கம்பெனியில் அதுதான் பழக்கம். மெஷினுக்கு எத்தனை ஆள் வருவார்கள் என்று தெரியாவிட்டால் ஒன்று என்று போட வேண்டும், ஆளில்லாமல் மெஷின் ஓடாதே. அந்தப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. விலைத் தளத்தின் விதிமுறையையும் அப்போதுதான் முதல்முறையாகப் படித்தான். ஒரு இணைப்பிலிருந்து நிமிடத்துக்கு முப்பது கேள்விதான் கேட்கலாம். ஒருவர் அமுக்கினால் பதினாலு கேள்வி, எல்லாவற்றுக்கும் பதில் வரும். ஒரே வீட்டு வைஃபையில் மூன்று பேர் சேர்ந்து அமுக்கினால் நாற்பத்திரண்டு. ஆளுக்குப் பத்து வரி தாண்டியதும் தளம் கதவைச் சாத்திக்கொள்ளும். கடைசி வரியில் வாத்து. நாலு கோடியே பத்து லட்சம் வாத்து, தலைக்கு ஒரு ரூபாய்.

மத்தியானம் எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டான். கேள்விக்கணக்கு, இஃப்எரர், ஒன்று, எல்லாம் சொன்னான்.

"மாப்ள, பொறாமையா?" என்றார் மாமா.

"எனக்கும் பங்கு இருக்கு மாமா, எனக்கே நான் எதுக்குப் பொறாமைப்படணும்? இருங்க, காட்டறேன்." தன் காப்பியில் பதினாலு வரியிலும் ஒன்றை இரண்டாக மாற்றினான். "இப்ப சேர்ந்து அமுக்குங்க."

அமுக்கினார்கள். அவன் திரையில் எட்டு கோடியே இருபது லட்சம் வந்தது. மாமா எழுந்து கைதட்டினார்.

"இதை முன்னாடியே பண்ணக்கூடாதா மாப்ள? எனக்கும் அனுப்பு. மூணாக்கி அனுப்பு."

"என்னங்க, பத்தாக்க முடியுமா?" என்றாள் மனைவி ஆசையாக.

"இனிமே என்ன பாக்கறது" என்று அக்கா தன் லேப்டாப்பில் மெயிலைத் திறந்தாள். கடிதம் தயாராக இருந்தது. அவள் விரல் அனுப்புகிற பொத்தானுக்குப் போவதைப் பார்த்தான். வாதாட நேரமில்லை. மூலையில் இருந்த ரௌட்டரிடம் ஓடி பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

"என்னடா பண்றே?"

"அக்கா, நெட் இல்ல. பாத்துக்கோ, ஒரு சொட்டு இல்ல. இப்ப நீ மட்டும் தனியா அமுக்கு."

அவள் அமுக்கினாள். நாலு கோடியே பத்து லட்சத்துச் சொச்சம்.

"தனியாவே வருதே!" என்றார் மாமா.

"எங்கேருந்து மாமா வருது? நெட்டே இல்லாதப்ப விலையை யார் சொன்னா?" அவன் அக்காவின் ஷீட்டில் மறைத்த பத்தியைத் திறந்துவிட்டான். மேலிருந்து கீழ்வரை பதினாலு ஒன்று. ஊரே வாயைப் பிளக்கும் பெரிய காயினும் ஒன்று, வாத்தும் ஒன்று.

அக்கா அந்தப் பத்தியை விரலால் தொட்டுத் தொட்டுக் கீழே இறங்கினாள். பில் சரிபார்க்கிற விரல் அது. கடைசி வரியில் நின்றது.

"விலை தெரியாத மருந்துக்கு நான் ஒண்ணுன்னு பில் போட்டிருந்தேன்னா," என்றாள் மெதுவாக, "என்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

அவனுக்கு அழுகை வந்தது. மற்றவர்கள் நம்பியதற்காக இல்லை, அவர்களை நம்பவைத்தது தன் கை என்பதற்காக.

மாமா மட்டும் இன்னும் முழுதாக இறங்கவில்லை. "சரி, நெட் வந்ததும் ஒரு தடவை பாத்துடுவோம்" என்று மூலைக்கு நடந்து பிளக்கைக் கையில் எடுத்தார்.

"போடாதீங்க!" என்று அக்கா கத்தினாள். பத்தொன்பது வருஷமாக மேனேஜரிடம் கத்தாதது எல்லாம் அதில் இருந்தது. மாமா பிளக்கைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார்.

அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். பிளக் பிடுங்கிய அதே நேரத்தில் அவள் அனுப்பியிருந்தாள். நெட் இல்லாததால் கடிதம் போகாமல் அவுட்பாக்ஸில் உட்கார்ந்திருந்தது. இணைப்பு வந்ததும் தானாகப் போய்விடும்.

"எடுத்துடு அக்கா" என்றான்.

அவள் உடனே எடுக்கவில்லை. திறந்து நாலு பக்கத்தையும் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் சிரித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள். படித்து முடித்துவிட்டு அழித்தாள், பிறகு குப்பையில் இருந்ததையும் அழித்தாள்.

"இப்ப போடுங்க" என்றாள். மாமா பிளக்கைச் செருகினார். ரௌட்டரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

அவன் தன் லேப்டாப்பை இழுத்து, இஃப்எரரில் இருந்த எண்ணை எடுத்துவிட்டு "விலை வரவில்லை" என்று எழுதப் போனான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு நான் அந்தாளு மூஞ்சியில முழிக்கணும்டா. இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அதை மாத்தாதே."

"பொய்க் கணக்கு அக்கா அது."

"தெரியும்டா. பில்லிங்ல இருக்கிறவ நான்." அவள் மூன்று கீ மேலும் விரலை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் மனைவியும் தன் விரல்களை வைத்தாள். இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

அவன் இரண்டை மறுபடி ஒன்றாக்கினான். எட்டு கோடி அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். மூன்று பேரும் சேர்ந்து அமுக்கினார்கள்.